மே மாதத்தில் இரண்டு பௌர்ணமி

செங்கம் ரோட்டில் இருக்கும் எங்கள் டிபன் ஹோட்டலின் மே மாத விளம்பரம் முடிந்ததும் முதலாளி சகாதேவன் மாடி அறையில் மீட்டிங் வைத்தார். எது பலன் தந்தது, எதை அடுத்த திட்டத்துக்கு எடுத்துப்போவது என்று பேச வேண்டும். உண்மையில் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: வேலையில் இருக்கப்போவது நானா, பிரகாஷ் அண்ணாவா. நான் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போட்டு விளம்பரம் ஓட்டுகிறவள். அவர் ஆட்டோக்களின் முதுகில் பேனர் கட்டி, பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுக்கிறவர். இரண்டு பேருக்குச் சம்பளம் கட்டுப்படியாகாது என்று முதலாளி முன்பே சொல்லிவிட்டார்.

பிரகாஷ் அண்ணாவின் நாற்காலி காலியாகக் கிடந்தது. டீ குடித்துவிட்டு வருவார் என்று நினைத்தேன்.

முதலாளியின் மகள் அபிநயா, பில்லிங் கம்ப்யூட்டரில் இருந்த கணக்கை டிவியில் போட்டாள். ஏப்ரலைவிட மே மாத விற்பனை நன்றாக எகிறியிருந்தது. ரீல்ஸைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் பக்கத்திலேயே பளபளத்தது. ஆட்டோ பேனருக்கு யார் லைக் போடுவார்கள்? ஜெயித்துவிட்டேன் என்றே உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்வானேன், எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எந்த ரீல் ஜாஸ்தி ஓடிச்சுன்னு பார்க்கலாம். நாள்வாரியா தொறம்மா" என்றேன்.

அந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

திரையில் இரண்டே இரண்டு மேடுகள். ஒன்று மாதத்தின் கடைசியில். மற்றது, பெரியது, மே ஒன்றாம் தேதி. நடுவில் தோசைக்கல் மாதிரி தட்டை, ஏப்ரலின் சாதாரண நாட்கள் எப்படியோ அப்படியே.

மே ஒன்று சித்ரா பௌர்ணமி. என் முதல் ரீல் போனதே அதற்கு நான்கு நாள் கழித்துத்தான். ஆட்டோவில் மே விளம்பரத்தின் முதல் பேனர் ஏறியதும் ரீல் போன அதே நாளில்தான். கிரிவலம் வந்த கூட்டம் நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே இட்லியைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. மாதக் கடைசியில் இன்னொரு பௌர்ணமி. ஏப்ரலில் ஒன்றே ஒன்று. பௌர்ணமியை வைத்தே மாவு அரைக்கிற ஊரில், தேதியை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறோம்!

முதலாளி டிவியைச் சரியாகப் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் வேலை எனக்குத்தான். அந்த ஆசை வரத்தான் செய்தது. ஆனால் ஜூனில் இருப்பது ஒரே பௌர்ணமி. விற்பனை விழும்போது என்ன கதை சொல்வேன்?

"சார், இந்தக் கணக்கு தப்பு. பௌர்ணமியை பௌர்ணமியோடதான் வெச்சுப் பார்க்கணும். அபி, போன வருஷத்து சித்ரா பௌர்ணமியை எடு."

அபிநயா எடுத்தாள். இந்த வருஷம் கொஞ்சம் கம்மி. வைகாசி பௌர்ணமியையும் எடுத்தாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அப்போ உன் விளம்பரம் இன்னாதான் பண்ணுச்சு?" முதலாளியின் குரல் உயர்ந்தது.

"தெரியலை சார். அதுதான் உண்மை. ரீலும் பேனரும் ஒரே நாள்ல ஆரம்பிச்சு ஒண்ணாவே ஓடிச்சு. எது ஆளைக் கூட்டிட்டு வந்துச்சு, எது கூட்டிட்டு வரலைன்னு பிரிக்கவே முடியாது. பில்லு போடும்போது எப்படி வந்தீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டு எழுதி வெச்சிருக்கணும். இனிமே பௌர்ணமியைத் தனியா, சாதா நாளைத் தனியா எழுதுவோம். ஒரு வாரம் பேனர் மட்டும், ஒரு வாரம் ரீல் மட்டும் விட்டுப் பார்ப்போம். அதுவரைக்கும் பிரகாஷ் அண்ணா இருக்கட்டும் சார்."

முதலாளி அபிநயாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவனைக் காலையிலயே அனுப்பிட்டேனேமா. நேத்து ராத்திரியே மே மாசக் கணக்கையும் ரீல்ஸ் எண்ணிக்கையையும் அபி காட்டிட்டா. பேனரெல்லாம் கழட்டிட்டுப் போயிட்டான்."

அப்படியானால் இந்த மீட்டிங் எதற்கு? முடிவெடுத்த பிறகு காரணம் தேடவா? பத்து வருஷம் இந்த ஹோட்டலுக்காக வெயிலில் நின்ற மனுஷர், ஒரு தப்புக் கணக்கில் வீட்டுக்குப் போய்விட்டார்.

"கூப்பிடுங்க சார் அவரை."

முதலாளி கொஞ்சம் யோசித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்ததும்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இதுவும் நல்லதுக்குத்தான். நீதானே பிரிச்சுப் பார்க்கணும்னு சொன்னே? இந்த மாசம் அவன் இல்லாம ஓட்டுவோம். வித்தியாசம் இருந்தா தெரிஞ்சுடும்ல?"

அபிநயா அதைப் பதிவு செய்ய டைப் அடிக்கத் தொடங்கினாள்: ஜூன், பேனர் இல்லாமல்.

நான் சொல்லிக்கொடுத்ததுதான். முறையில் ஒரு குறையும் இல்லை.

"அடுத்த வரியும் சேர்த்துக்கோ அபி. ரீல் இல்லாமல்" என்றேன். ஹோட்டல் இன்ஸ்டாகிராம் இருந்த போனை மேசைமேல் வைத்தேன். "ரெண்டும் இல்லாம ஒரு மாசம் பாருங்க சார். அப்புறம் யாரைக் கூப்பிடணும்னு உங்களுக்கே தெரியும்."

படியிறங்கும்போது என் சொந்தப் போனில் பிரகாஷ் அண்ணாவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.