இழுத்தால் வந்துவிடுமா

ஆங்கில ஒலித் தேர்வில் தேறாவிட்டால் அவர்கள் வேலை போகும் என்பதால், பயிற்சியாளர் தன் அழைப்பு மைய ஆட்களை, கப்பலைக் குறிக்கும் ஷிப், ஆட்டைக் குறிக்கும் ஷீப் இரண்டையும் முதலில் வாய் திறக்காமல் பல குரல்களில் கேட்கவைத்தாள்.

"தியான வகுப்பாம்மா நடத்துறீங்க?" என்றார் மேலாளர்.

"நம்ம காது நீளத்தத்தான் அளக்குது சார். இங்கிலீஷ்காரங்க ஷீப்ப சட்டுனு முடிச்சிடுவாங்க. ஷிப்புக்கு நாக்கு கொஞ்சம் தளர்ந்து கீழ இருக்கும். அந்த வித்தியாசம் முதல்ல காதுல ஏறணும்."

"குறில்னா வெட்டு, நெடில்னா இழு. இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி?"

அவளைத் தேர்வு மேசைக்குத் தள்ளிவிட்டு அவரே பாடம் எடுத்தார். அறை ஆட்டுப்பட்டியாகக் கத்தியது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

தேர்வில் ஒலித்த ஷீப்பில் இழுவையே இல்லை. எல்லாரும் ஷிப் என்று குறித்தார்கள். அவர்களுடைய அடையாள அட்டைகளை அவள்தான் திரும்ப வாங்கினாள்.

அடுத்த குழுவிடம் மேலாளர் சொன்னார்: "போன பேட்ச் சரியா இழுக்கல."