பச்சையாகாத இரண்டு கட்டங்கள்

என் வீட்டுக்காரி விஜயகலா கொழும்புக்குப் போவதா, என்னோடு தோட்டத்து லயத்திலேயே இருப்பதா என்பது ஒரு மடிக்கணினியில்தான் முடிவாக வேண்டியிருந்தது.

ருவான்வெல்லை பஜாரில் அவள் படிப்பித்த டியூஷன் கிளாசை மூடிவிட்டார்கள். கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் அவளுடைய அக்கா வேலை பார்த்து வைத்திருந்தாள். தங்க இடம் கடையிலேயே. மாதம் ஒரு தரம் வீட்டுக்கு வரலாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் போகாதே என்று சொல்லவில்லை. ரப்பர் பால் வெட்டுகிறவன் கூலியை வைத்துக்கொண்டு யாரைப் போகாதே என்பது? ஆனால் வெட்டு முடிந்து வந்து, அவள் இல்லாத எங்கள் காம்பரா அறையின் கதவை நான் திறப்பதாக நினைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

அப்போதுதான் ஒரு இணையப் பள்ளிக்கு ஆசிரியர் தேவை என்று போனில் பார்த்தாள். வீட்டில் இருந்தபடியே கணினி வழியாகப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற வேலை. இந்தியாவிலும் இலங்கையிலும் அவர்களுக்குப் பிள்ளைகள் உண்டாம்.

விண்ணப்பம் போட்ட அன்று மடிக்கணினியோடு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். எங்கள் காம்பராவில் சிக்னல் ஒழுங்காக வருவது அந்த ஓரத்தில் மட்டும்தான். சான்றிதழ்களையும் அடையாள அட்டையையும் போட்டோ எடுத்து ஏற்றினாள். எனக்கும் புரியட்டும் என்று பக்கத்தைத் தமிழுக்கு மாற்றி வைத்தாள். பாடம் என்ற இடத்தில் கணிதம், விஞ்ஞானம் என்று போட்டாள். மொழிமூலம் தமிழ். அடுத்தது பாடத்திட்டம். அதில் நாலைந்து பெயர் இருந்தன. இலங்கைத் தேசியப் பாடத்திட்டத்தில் அடையாளம் வைத்துவிட்டுக் கீழே போகப் பார்த்தாள்.

நான்தான் நிறுத்தினேன். எழுத்துக் கூட்டி ஒரு வரியை வாசித்திருந்தேன். "கலா, அங்க தமிழ்நாடுன்னு இருக்குல்ல?"

"ஆமாங்க. அது அங்க உள்ள பிள்ளைகளுக்கு."

"அதையும் போடு. நம்ம பாட்டன் திருச்சிப் பக்கம்தானே. நமக்கு இல்லாத உரிமையா?"

அவள் சிரித்தாள். கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு போட்டா ரெண்டு வாய்ப்புதான்," என்று அதிலும் அடையாளம் வைத்தாள்.

கடைசியில் வாரத்தில் எந்த நாள், எந்த மணி படிப்பிக்க முடியும் என்று கட்டம் கட்டமாக வந்தது. அவள் தொடத் தொடக் கட்டங்கள் பச்சையாயின. பக்கத்துக் காம்பரா கருப்பாயி அக்கா எட்டிப் பார்த்து, "என்னடி, நாத்து நடுறியா?" என்று கேட்டுவிட்டுப் போனது.

முதலில் கூப்பிட்டது தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்குத்தான். மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். ஒன்பதாம் வகுப்பு அறிவியல், இயக்கம் என்ற பாடம். சென்னையிலிருந்து ஒரு சார் திரையில் வந்தார். மரியாதையான மனிதர். கலா நன்றாகத்தான் ஆரம்பித்தாள். ஓடுகிற பஸ்ஸை வைத்துச் சொன்னாள்.

"வேகத்துக்குத் திசை உண்டு. கதிக்குத் திசை இல்ல," என்றாள்.

"ஒரு நிமிஷம் மேடம்," என்றார் அவர். "வேகத்துக்குத் திசை கிடையாதே. திசை இருந்தா அது திசைவேகம். கதின்னா என்ன?"

கலா திகைத்துப்போனாள். சமாளித்துக்கொண்டு ஆர்முடுகலுக்குப் போனாள்.

"எது மேடம்? முடுக்கமா?"

"ஆர்முடுகல் சார்."

அவருக்கு அந்தச் சொல்லே தெரியவில்லை. அவளுக்கு முடுக்கம் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். அங்கே புத்தகத்தில் ஒரு தமிழ், இங்கே புத்தகத்தில் ஒரு தமிழ். பாவம், அவரும் சிரித்துக்கொண்டேதான் முடித்தார். அடுத்த நாள் பதில் வந்தது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்குத் தெரிவாகவில்லை. இலங்கைப் பாடத்திட்டத்துக்கு வியாழக்கிழமை இன்னொரு மாதிரிப் பாடம்.

"பாட்டன் கப்பல் ஏறி வந்தாரு சரி," என்றது கருப்பாயி அக்கா. "வரும்போது புத்தகத்தையுமா தம்பி கட்டிக்கிட்டு வந்தாரு?"

கலா என் பக்கம் திரும்பி, "விடுங்க. அந்தச் சொல்லெல்லாம் தெரிஞ்சுக்கிட்டது லாபம்தான்," என்றாள். ஆனால் அன்றைக்கு அவள் அக்காவுக்குப் போன் எடுத்து, கடையில் என்ன நிறச் சேலை கட்ட வேண்டும் என்று கேட்டதை நான் கேட்டேன்.

வியாழக்கிழமை வந்தது துஷ்யந்தி என்ற அம்மா. கொழும்பில் இருக்கிறார், பேச்சு யாழ்ப்பாணப் பேச்சு. எட்டாம் தரம், அட்சரகணிதம். நான் படத்தில் விழாமல் அடுப்படிப் பக்கம் குந்திக்கொண்டேன். கருப்பாயி அக்கா தன் ரேடியோவை நிறுத்திவிட்டுச் சேவலையும் கூடையால் மூடி வைத்திருந்தது. கலா இந்த முறை தடுமாறவே இல்லை. எக்ஸ் என்றால் இன்னும் மூடி திறக்காத டப்பா என்றாள். பிள்ளை மாதிரிக் கேள்வி கேட்ட அந்த அம்மா, பாதியில் பிள்ளையாகவே மாறிவிட்டார்.

"நல்லா இருந்தது," என்றார். "எனக்குப் பிடிச்சிருக்கு. ஒண்டுதான் பிரச்சினை. புதுசா சேருற ஆக்கள் வார நாளில பின்னேரம் ஆறு தொடக்கம் எட்டு மணி வரை முழுக்கத் திறந்து வைக்கோணும். எங்கட பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கேக்கிற நேரம் அதுதான். நீங்கள் செவ்வாயும் வெள்ளியும் ஏழு மணியை விட்டிருக்கிறீங்களே?"

அடுப்படியில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

செவ்வாயும் வெள்ளியும் ஏழு மணி என்னுடைய பாட நேரம். அப்பா மரம் விழுந்து செத்தபோது நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதுவரை படித்ததும் மறந்து போனது. கல்யாணத்துக்குப் பிறகு கலாதான் அ என்று மறுபடி தொடங்கினாள். நிறத்தை வைத்துப் பஸ் ஏறுகிறவனாக இருந்தேன். இப்போது பலகையில் ருவான்வெல்லை என்று வாசித்துவிட்டு ஏறுகிறேன்.

"அந்த நேரம் ஏற்கெனவே ஒரு ஆளுக்குக் குடுத்திருக்கேன் மேடம்," என்றாள் கலா. "நடுவுல விட முடியாது."

"எத்தினையாம் தரம்?"

"ரெண்டாம் தரம்."

"சின்னப் பிள்ளைதானே. நாலு மணிக்கு மாத்தலாமே?"

"நாலு மணிக்குத் தூங்கும் மேடம். எந்திரிச்சு மாட்டுக்குப் புல்லு அறுக்கணும். எட்டு மணிக்கு மேல கண்ணு நிக்காது. விடியமுந்தி வேலைக்குப் போகணுமே."

துஷ்யந்தி அம்மாவின் குரல் மாறி வந்தது. "ரெண்டாம் தரத்துப் பிள்ளையை வேலைக்கு அனுப்புகினமோ? யார் தாய் தகப்பன்? இதைச் சும்மா விடேலாது."

கலா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையையா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. அவள் சொல்ல மாட்டாள். புருசன் படிக்காதவன் என்று வேற்று ஆளிடம் அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் எழுந்து, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மீசையும் நரையுமாகத் திரையில் போய் நின்றேன்.

"வணக்கங்க. நான்தாங்க அந்தப் பிள்ளை."

துஷ்யந்தி அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியே சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த ரெண்டு கட்டத்தையும் தெறந்து விட்டுருவோங்க," என்றேன்.

"மாட்டேன்," என்றாள் கலா, என்னைப் பார்க்காமல்.

"நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள மாத்தினா என்னால அனுமதிக்க ஏலும்," என்றார் துஷ்யந்தி அம்மா மெதுவாக. "விதியை நான் மாத்தேலாது தங்கச்சி. ரெண்டு பேரும் கதையுங்கோ."

கதைத்தோம். கதை என்ன, சண்டைதான்.

"இப்பத்தான் வாசிக்கத் தொடங்கியிருக்கீங்க. நிறுத்துனா எல்லாம் போயிரும். முந்தி போன மாதிரி."

"நீ புறக்கோட்டைக்குப் போனா மட்டும் எனக்கு யாரு சொல்லித் தருவா? கருப்பாயி அக்காவா?"

"எனக்கே கையெழுத்துக்குப் பெருவிரலுதான்," என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

கலா போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

மறுநாள் வெட்டு முடிந்து வந்தபோது அவள் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். கணினி ஜன்னல் ஓரத்தில் திறந்தே இருந்தது. கட்டங்கள் அப்படியே. கையில் பால் பிசுக்கு. சாரத்தில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செ, வ், வா, ய். விரலை வைத்து ஏழு வரைக்கும் இறக்கினேன். தொட்டேன். பச்சையானது. வெள்ளி எனக்குச் சுலபம், அவள் கால்கொலுசை வைத்துப் படித்த சொல். அதுவும் பச்சையானது.

ஆனால் அப்படியே விட்டால் நிற்காது என்று தெரியும். அவள் கடைசியில் எதையோ அழுத்துவாள். கீழே தேடினேன். ஒரு பொத்தானில் சேமி என்று இருந்தது. சேமியாவில் யா விட்டுப்போயிருக்கிறது, இங்கே எதற்குச் சேமியா என்று கொஞ்ச நேரம் குழம்பினேன். வேறு பொத்தான் இல்லை. அழுத்திவிட்டேன்.

கலா குடத்தை இறக்கிவிட்டு வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"யாரு போட்டுத் தந்தா?"

"நானேதான். வாசிச்சுத்தான் போட்டேன். அந்தச் சேமியாவையும் அழுத்திட்டேன்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து, நகத்தில் ஒட்டியிருந்த காய்ந்த பாலை உரித்து எடுத்தாள். பொழுது சாய்வதற்குள் துஷ்யந்தி அம்மா சம்மதம் அனுப்பிவிட்டார். திங்கள் தொடங்கலாம், முதல் மூன்று மாதம் சோதனைக் காலம் என்று இருந்தது. அன்றைக்கே கலா அக்காவுக்குப் போன் எடுத்து, சேலை வேண்டாம் என்றாள்.

செவ்வாயும் வெள்ளியும் ஏழு மணிக்கு இப்போது யாரோ பிள்ளைகள் அவள் முன்னால் இருக்கிறார்கள். சனி ஞாயிறும் வகுப்புகள் நிறைந்துவிட்டன. நான் அடுப்பைப் பார்த்துக்கொள்வேன். சோறு குழைந்தாலும் அவள் ஒன்றும் சொல்வதில்லை. எனக்குப் பாடம் அவ்வளவுதான் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பிறகு மழை பிடித்தது. பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. லயத்துக் கோடியிலிருந்து "இன்னிக்கு வெட்டு இல்ல!" என்று கங்காணி கத்தினால் அன்றைய கூலியும் இல்லை. அப்படிப்பட்ட காலையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வதுதான் என் வழக்கம். அன்றும் படுத்தேன். போர்வையை யாரோ இழுத்தார்கள்.

"எந்திரிங்க," என்றாள் கலா. கையில் பிளேன்டீயும் சிலேட்டும். "பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடம் போயிருக்கும். இந்த நேரத்தை எந்தப் பாடத்திட்டமும் கேக்காது. மழை பெய்யிற நாளெல்லாம் உங்க நாளு."

எழுந்து உட்கார்ந்தேன்.

"எங்க, மழைன்னு எழுதுங்க."

எழுதிக் காட்டினேன். அவள் சிலேட்டைத் திருப்பிப் பார்த்தாள். "இது மலைங்க."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். இரண்டும் இருந்தன.