பத்து நிமிடமும் மாடி போனும்

எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் இருக்கும் பல் மருத்துவமனைக்கு என் தகப்பனார் பெயர். ஜேசுவடியான் பல் மருத்துவமனை, இரும்புலியூர். மருத்துவர் என் மருமகள் ஜெரூஷா. நான் தொலைபேசித் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மாடியில் குடியிருக்கிறேன்.

அன்று காலை அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே நின்று ஒருவன் கத்தினான். மாடி வரை கேட்டது.

"இன்னாங்கடா ஆஸ்பத்திரி இது! மாடிக்கு போன் போட்டாத்தான் கீழ பல்லு புடுங்குவீங்களா?"

இறங்கிப் போனேன். கத்தியவன் அனகாபுத்தூர் ஆட்டோக்காரன் சிட்டிபாபு. பக்கத்தில் அவன் தகப்பன் அப்பாதுரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேர் சிகிச்சையின் இரண்டாவது அமர்வுக்கு வந்தவர். ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஏழெட்டு நிமிடம் தாமதம். அதற்குள் அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்திருந்தவர் எங்கள் திருச்சபைக் கமிட்டியின் ஆபேல். அவருடைய நேரம் அதற்கும் அரை மணி முன்னாலேயே முடிந்துபோனது. ஆனால் அவர் மாடிக்கு போன் செய்திருக்கிறார். எடுத்தவள் என் மனைவி ரத்தினபாய். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று கீழே சொல்லியிருக்கிறாள். கவுண்டரில் இருக்கும் சினேகா அட்ஜஸ்ட் செய்துவிட்டாள்.

"எந்த விதிப்படி?" என்று கேட்டேன்.

சினேகா சுவரைக் காட்டினாள். 'தாமதமாக வருவோரின் நேரம் நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டது.'

"நிர்வாகம்னா யாரும்மா?"

"அம்மா சொன்னாங்க சார்…"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் தகப்பனார் யாருக்காகவும் ஒரு வரிசையைக் கலைத்தவர் இல்லை. அவர் பெயருக்குக் கீழே, ஆள் பார்த்து நடத்தும் இடம் என்று தெருவில் ஒருவன் கத்துகிறான். அவன் சொன்னது உண்மை.

அப்பாதுரைக்கு வேறு நாள் கொடுத்து அனுப்பினார்கள். அன்று மத்தியானமே சாப்பாட்டு மேஜையில் ஜெரூஷாவையும் சினேகாவையும் உட்கார வைத்தேன். ரத்தினபாய் அடுப்படியில் பாத்திரங்களைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.

"பதினஞ்சு நிமிஷம்னு போட்டு, அதுக்கு மேல ரத்துன்னு எழுதிடலாம் மாமா," என்றாள் ஜெரூஷா.

"செங்கல்பட்டுல இருந்து வந்தவனை வாசல்லயே திருப்பி அனுப்புவியா?"

"அதுக்காக ரூட் கெனாலை அரைகுறையா பண்ண முடியாது. முக்கால் மணி நேர வேலை அது. இருபது நிமிஷம் போயிட்டா ஆரம்பிக்கவே முடியாது. அடுத்தவங்க நேரத்தைத் திங்கணும்."

"அப்போ பத்து நிமிஷம் காத்திருப்போம். ஆனா ரத்து வேண்டாம்," என்றேன்.

"பத்துன்னு போட்டா பதினொண்ணுல வர்றவங்க என்னைத்தானே திட்டுவாங்க சார்," என்றாள் சினேகா. "வாசல்ல வண்டி நிறுத்தும்போதே பத்து ஆகலைம்பாங்க."

"கவுண்டர்ல பேர் சொன்னாத்தான் வந்த கணக்கு. எழுது."

"நேரம் கைவிட்டுப் போச்சுன்னா அது யாருக்கு? அதையும் எழுதுங்க மாமா. இல்லன்னா திரும்பவும் யாராவது புகுந்துடுவாங்க."

கடைசியில் நான் சொல்லச் சொல்ல, சினேகா எழுதினாள்.

'உங்கள் நேரம் தொடங்கியதிலிருந்து பத்து நிமிடம் உங்களுக்காகக் காத்திருப்போம். கவுண்டரில் பெயர் சொன்னால்தான் வந்ததாகக் கணக்கு. பத்து நிமிடத்துக்குப் பின் அந்த நேரம், முன்பதிவு இல்லாமல் வந்து காத்திருப்பவர்களில் முதலில் வந்தவருக்குப் போகும். தாமதமாக வந்தவரைத் திருப்பி அனுப்ப மாட்டோம். இடையில் நேரம் கிடைத்தால் அன்றே, இல்லையென்றால் வேறு நாள். கடும் வலி, வீக்கம், இரத்தக் கசிவு இருந்தால் கவுண்டரில் உடனே சொல்லவும்; டாக்டர் முன்னதாகப் பார்ப்பார். தகவல் சொல்ல மருத்துவமனை எண் மட்டுமே. மாடி வீட்டில் சொன்னது செல்லாது.'

"கடைசி வரி எனக்குத்தானே?" என்று அடுப்படியிலிருந்து ரத்தினபாய் கேட்டாள்.

"இந்த வீட்டுக்கு," என்றேன்.

பலகை மாட்டிய வாரமே மாடி போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். என் தங்கை ஜோசலின். மறைமலை நகரிலிருந்து பல்லுக்குக் கேப் போட வந்துகொண்டிருந்தாள்.

"அண்ணே, வண்டி நகரவே மாட்டேங்குது. கொஞ்சம் லேட்டாகும். என் இடத்தைப் பிடிச்சு வை."

"கிளினிக் நம்பர்ல சொல்லு."

"நீ என்ன எக்ஸ்சேஞ்சா நடத்துறே? உங்கிட்டச் சொன்னா போதாதா?"

"போதாது." வைத்துவிட்டேன்.

அவள் மருத்துவமனைக்கு அழைக்கவில்லை. அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். நான் கீழே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே சிட்டிபாபு. பக்கத்தில் அவன் தகப்பன்; அவருக்கு ஜோசலினை அடுத்த நேரம். இந்த முறை சீக்கிரமே வந்துவிட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தான்.

ஜோசலினின் நேரம் தொடங்கிப் பத்து நிமிடம் கடந்தது. சினேகா என்னைத் திரும்பிப் பார்க்காமலே, பல் சுத்தம் செய்ய முன்பதிவு இல்லாமல் வந்து காத்திருந்த ஆசிரியை மாளவிகாவிடம், "அடுத்து நீங்கதான் மேடம்" என்றாள்.

அதற்குப் பின்தான் ஜோசலின் நுழைந்தாள். பெயர் சொன்னாள். சினேகா பலகையைக் காட்டினாள். ஜோசலின் அதை நின்று முழுசாகப் படித்தாள். படித்துவிட்டு, மூடியிருந்த டாக்டர் அறைக் கதவைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"உள்ளே ஒருத்தர் இருக்காரே, அவர் எப்போ வெளியே வருவார்?"

சினேகா தயங்கினாள். "டாக்டருக்கு இன்னும் பத்து நிமிஷம் ஆகும் ஆன்ட்டி. அந்தப் பல்லு கொஞ்சம் சிக்கலாயிடுச்சு."

"அப்போ நான் சரியான நேரத்துக்கு வந்திருந்தாலும் இங்கேதானே உட்கார்ந்திருப்பேன்? நாற்காலியே காலியாகலை. என்னால யாருக்கு நேரம் போச்சு? எதை எடுத்து இவங்களுக்குக் கொடுத்தீங்க?" குரல் ஏறியது. "நோயாளி லேட்டானா தண்டனை. டாக்டர் லேட்டானா? அதுக்கு உன் பலகையில வரி எங்கேண்ணே?"

அறை முழுதும் என்னைப் பார்த்தது. அந்த வரி பலகையில் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

மாளவிகா எழுந்தார். "பரவால்ல சார், அவங்களே போகட்டும்."

"நீங்க உட்காருங்க," என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

"கூடப் பிறந்தவளை எல்லார் முன்னாலயும் நிக்க வைக்கிறே," என்றாள் ஜோசலின். "அப்பா பேரை மேல மாட்டிக்கிட்டு!"

"அந்தப் பேருக்காகத்தான். இப்போ உன்னை உள்ளே விட்டா, பலகையைத் திருத்தினதா எவனும் நினைக்க மாட்டான். தங்கச்சியை விட்டான்னுதான் சொல்வான். நீ கேட்ட வரியை இன்னைக்கு சாயங்காலம் எழுதிடுவோம். டாக்டர் பின்தங்கி இருந்தா, முந்தின ஆள் எழுந்த பிறகுதான் பத்து நிமிஷம் ஆரம்பம். நாளையிலிருந்து. இன்னைக்கு மாட்டியிருக்கிறதுதான் இன்னைக்கு."

"நான் போறேன்."

"போனா வேறு நாள் தருவாங்க. இருந்தா, இடையில நேரம் கிடைச்சா பார்ப்பாங்க. அதுவும் எழுதியிருக்கு."

அவள் போகவில்லை. பையை மடியில் இறுக்கிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

சிட்டிபாபு தொண்டையைச் செருமினான். எனக்குக் கொஞ்சமாவது மரியாதை வைப்பான் என்று எதிர்பார்த்தேன்.

"இன்னா பெரியவரே," என்றான். "அந்தம்மா கேட்டது கரெக்டுதான்."

"தெரியும்," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

உள்ளே இருந்தவர் வெளியே வந்தார். மாளவிகா போனார். ஜோசலின் அசையவில்லை, நானும் எழவில்லை. அவள் முறை வரும்வரை அங்கேயே இருப்பது என்று முடிவு செய்திருந்தேன். அவளும் அதைப் புரிந்துகொண்டாள் போலும், நாற்காலியை இன்னும் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.