பெரிய வலைக்காரர் வீட்டு மாடி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய வலைக்காரர் வீட்டு மாடியில் இருந்தவர்கள் நான்கே பேர். வீட்டுக்காரர் ஆதிநாராயணன், அவர் மனைவி காந்தா, வீடு கேட்டு வந்த நர்ஸ் பெனிட்டா, அவள் கணவன் ஜெரோம். வேறு ஒருவரும் இல்லை. அங்கே நடந்த பேச்சைத் தங்கள் காதால் கேட்டதாகப் பழவேற்காட்டில் இன்றைக்குப் பத்துப் பேராவது சொல்கிறார்கள். அந்த மாடிப்படி பத்துப் பேரைத் தாங்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்று ஏறியவர்கள் இந்த நால்வர்தான்.

ஆதிநாராயணன் ஏரிக்கரையில் வெகுகாலம் இறால் ஏலம் கூறியவர். இப்போது தொண்டைக்கு ஓய்வு கொடுத்துவிட்டார், முதுகுக்குக் கொடுக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை. அவருடைய அப்பா காலத்திலேயே குடும்பத்துக்குப் பெரிய வலைக்காரர் என்று பெயர். அந்தப் பெயருக்கு ஏற்றபடி கீழ் வீட்டின் மேல் மாடி எடுத்து, வாடகை ஒன்பதாயிரம் என்று ஊரறியச் சொல்லியிருந்தார். கடைசியாகக் குடியிருந்தவர் காலி செய்து நாலு மாதம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வீடு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஏரிக் காற்றை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

பெனிட்டா இரண்டு அறைகளையும் சமையல்கட்டையும் பார்த்தாள். குழாயைத் திறந்து தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஜெரோம் சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"வீடு ரொம்ப நல்லாருக்கு ஐயா," என்றாள் பெனிட்டா. "சுத்தமா வெச்சிருக்கீங்க. எங்களுக்குப் புடிச்சிருக்கு. வாடகை விஷயமா ஒண்ணு கேக்கலாமா?"

"தாராளமா கேளும்மா. கேக்கறதுக்கு வாடகை இல்ல."

"எனக்கு இங்க ஆஸ்பத்திரியில போஸ்டிங் ஆயிருக்கு. பொன்னேரியிலருந்து பஸ்ல வந்து போறேன். நைட் டூட்டின்னா ரொம்ப கஷ்டம். அதனால இந்த ஊர்லயே நாலஞ்சு வீடு விசாரிச்சோம். பஸ் நிக்கற இடத்துக்கிட்ட ஒரு மாடி வீடு, இதே மாதிரி ரெண்டு ரூமு, ஏழாயிரம். கடைத்தெருவுல ஒண்ணு ஏழரை, ஆனா அங்க காரு நிறுத்த இடம் குடுக்கறாங்க. எங்க கூட வேல பாக்கற தேவி சிஸ்டர் பின்தெருவுல இருக்காங்க, அவங்க ஆறரை குடுக்கறாங்க. உங்க வீட்ல குறைன்னு சொல்லல ஐயா. இந்தப் பக்கம் போற வாடகையைப் பாத்தா ஏழாயிரம் சரியா இருக்குமோன்னு தோணுது. உங்களுக்கு சம்மதம்னா, பதினோரு மாசம் எழுதறதுக்கு பதிலா மூணு வருஷத்துக்கே எழுதிக்கறோம்."

பெரிய வலைக்காரர் வீட்டில் நின்று இவ்வளவு மரியாதையாக யாரும் விலை குறைத்ததில்லை. ஆதிநாராயணனுக்குக் கோபப்பட இடமே கிடைக்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தை காதில் முள்ளாக நின்றது.

"பின்தெருவுல யார் வீடு?"

"பெருமாள்னு ஒருத்தர் வீடு ஐயா."

காந்தா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே இல்லாத ஒரு தூசியைத் துடைக்க ஆரம்பித்தாள். பெருமாள், ஆதிநாராயணனின் கூடப்பிறந்த தம்பி. ஆறு வருடத்துக்கு முன்னால் அவன் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அழைப்பவர் வரிசையில் மச்சான் பெயர் முதலிலும் அண்ணன் பெயர் அடுத்தும் வந்துவிட்டது. அன்றிலிருந்து அண்ணன் அந்த வாசலை மிதிக்கவில்லை.

"அந்த வீடு எட்டாயிரம்மா," என்றார் ஆதிநாராயணன். "ஊருக்கே தெரியும்."

"தேவி சிஸ்டர் கையில குடுக்கறது ஆறரைதான் ஐயா. நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன்," என்றாள் பெனிட்டா, குரலை உயர்த்தாமல். "நீங்களும் விசாரிச்சுப் பாருங்க. பொன்னேரி வீட்டுக்காரரு புதுசா எழுதணும்னு கேட்டுட்டு இருக்காரு. புதன்கிழமை அவருக்கு பதில் சொல்லணும். அதுக்குள்ள சொன்னீங்கன்னா போதும்."

இருவரும் கும்பிட்டுவிட்டு இறங்கினார்கள்.

"இன்னாத்துக்கு ஒன்பதுன்னு புடிச்சிக்கினு இருக்கீங்க?" என்றாள் காந்தா. "நாலு மாசம் பூட்டிக் கெடக்குது. உப்புக்காத்து ஜன்னல் கம்பியைத் தின்னுது. முன்ன இருந்தவன் பதினோரு மாசத்துல போனான். சுண்ணாம்பு அடிச்சோம். அதுக்கு முன்ன இருந்தவனும் அப்படித்தான் போனான். அப்பவும் அடிச்சோம். வாடகை வாங்கி சுண்ணாம்புல பூசறதுக்கா மாடி கட்டுனோம்?"

"தம்பி வீடு எட்டுன்னா அண்ணன் வீடு அதுக்குக் கீழ போவுமா?"

ஒன்பதாயிரம் பிறந்த கதை அவ்வளவுதான். பெருமாள் எட்டு என்றான் என்று கேள்விப்பட்ட அன்றே இவர் ஒன்பது என்றார். இப்போது அந்த நர்ஸ் பெண் ஆறரை என்கிறாள். அது பொய்யானால் பேச்சே வேண்டாம். மெய்யானால்? அதை நினைக்க ஆதிநாராயணனுக்குப் பிடிக்கவில்லை.

ஏலக்காரன் பக்கத்துப் படகின் இறாலைப் பார்க்காமல் தன் படகுக்கு விலை கூறமாட்டான். மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். பஸ் நிற்கும் இடத்து வீட்டுக்காரரிடம் கொத்தனார் யார் என்று கேட்கப் போனவர்போலப் போய், வாடகை ஏழு என்பதைத் தெரிந்துகொண்டார். மாடி ஏறிப் பார்த்தார். காற்று இல்லை, தண்ணீர் அரை உப்பு. மனசுக்குள் தன் வீட்டுக்கு ஒரு புள்ளி போட்டுக்கொண்டார். கடைத்தெரு வீடு ஏழரை, கார் நிறுத்த இடம் உண்டு. அங்கே ஒரு புள்ளி இறங்கியது. அந்தப் பெண் சொன்னதில் ஒரு ரூபாய் பிசகவில்லை.

மிச்சம் இருந்தது பின்தெரு. வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

பெருமாள் இட்லித் தட்டோடு எழுந்தான். "அண்ணா... உள்ள வாண்ணா."

"உக்கார வரல. உன் மாடியில இருக்கற நர்ஸம்மா வாடகை இன்னா குடுக்குது?"

"எட்டு."

"பெருமாளு."

அந்த ஒரு கூப்பிடலில் சின்ன வயதில் வாங்கிய அடி எல்லாம் இருந்தது. பெருமாள் தட்டைக் கீழே வைத்தான்.

"ஆறரை."

"எவ்ளோ நாளா?"

"நாலு வருஷமா. மொதல்ல ஒருத்தன் எட்டுக்கு வந்தான். அஞ்சாம் மாசம் சாவியக் குடுத்துட்டுப் போனான். அப்புறம் தேவியம்மா வந்து, ரொம்ப நாள் இருப்பேன், ஆறரைன்னா சொல்லுங்கன்னுச்சு. இருக்குது. ஒண்ணாந்தேதி காசு வந்துடுது. நான் போய் கதவத் தட்டினதே இல்ல."

"அப்ப ஊர்ல எட்டுன்னு ஏன் சொல்ற?"

"நீ ஒன்பதுன்னு சொல்லிக்கினு இருக்க. நான் ஆறரைன்னு சொன்னா நீ இன்னா நெனப்ப? பெரிய வலைக்காரர் வீட்டுப் புள்ள அடிமாட்டு விலைக்கு உட்டான்னு சொல்லமாட்ட?"

"நீ எட்டுன்னதாலதான்டா நான் ஒன்பதுன்னேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே பெருமாளின் மனைவி கோவிந்தம்மா புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு இருமினாள். அது இருமல் இல்லை என்பது வாசல்வரை தெரிந்தது.

"இரும்பல் நின்னதும் ஒரு டீ போடும்மா," என்றார் ஆதிநாராயணன். செருப்பைக் கழற்றினார்.

டீ குடிக்கும்போது பெருமாள் மெதுவாகக் கேட்டான். "ஏழுக்குக் குடுக்கப் போறியாண்ணா?"

"குடுத்தா இன்னா?"

"ஒண்ணும் இல்ல. என்னோடதவிட ஐநூறு கூட."

"அண்ணன் வீடு," என்றார் ஆதிநாராயணன்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிட உட்கார்ந்தார். சோறு போட்டபடி காந்தா, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். "நண்டு கம்பெனிக்காரன் சீசன் பூரா நானே எடுத்துக்கறேன்னு வந்தான். ஒருநாள் வந்து போற யாவாரிக்கு ஒரு விலை, தெனம் எடுக்கறவனுக்கு ஒரு விலைன்னு கரையில நின்னு ஒருத்தர் சொன்னாரு. யாருன்னு மறந்துபோச்சு."

சொன்னவர் ரசத்தை ஊற்றச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டூட்டி முடிந்து பெனிட்டா வந்தாள். ஜெரோமும் வேலையிலிருந்து நேராக வந்து சேர்ந்தான். ஆதிநாராயணன் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"நீ சொன்ன வீடெல்லாம் பாத்துட்டேம்மா. சொன்னது சரி. ஆனா பஸ் பக்கத்து வீட்ல தண்ணி உப்பு. என் வீட்ல நல்ல தண்ணி. அதுக்கு ஒரு விலை உண்டு இல்ல?"

"உண்டு ஐயா. அதான் ஆறரை கேக்காம ஏழு கேட்டோம்."

காந்தா ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஆதிநாராயணன் மீசையைத் தடவினார்.

"ஏழரை போடுங்க."

பெனிட்டா ஜெரோமைப் பார்த்தாள். அவன் லேசாகக்கூடத் தலையாட்டவில்லை. "ஏழுக்கு மேல எங்களால முடியாது ஐயா, உள்ளதைச் சொல்லிடறேன். மேல போனா பொன்னேரியிலயே இருந்துக்கறதுதான் எங்களுக்குக் கட்டும். வேணும்னா இப்படிச் செய்யலாம். ரெண்டு வருஷம் ஏழு. மூணாவது வருஷம் ஐநூறு ஏத்திக்கங்க, இப்பவே எழுதிடுவோம். அட்வான்ஸ் மூணு மாசம். காலி பண்றதுன்னா ரெண்டு மாசம் முன்னாடி சொல்றோம். மொத வருஷத்துக்குள்ளயே போனோம்னா அட்வான்ஸ்ல ஒரு மாச வாடகை நீங்க எடுத்துக்கங்க."

"ஆஸ்பத்திரியில மாத்தல் போட்டா?"

"அப்பவும் அதேதான். எங்க மாத்தலுக்கு நீங்க நஷ்டப்படக் கூடாது."

 கரையில் ஏலம் முடிக்கும்போது ஆதிநாராயணன் குரல் ஒருமுறை தாழும் என்பது அந்தக் காலத்து வியாபாரிகளுக்குத் தெரியும். இப்போது தாழ்ந்தது.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. வாடகைய நான் கொறைக்கல. ஒரு வருஷம் இருந்துட்டுப் போறவங்களுக்கு இன்னைக்கும் ஒன்பதுதான். மூணு வருஷம் இருக்கறவங்களுக்கு ஏழு. அது சீசன் விலை."

"சரிங்க ஐயா," என்றாள் பெனிட்டா. சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு இன்னொரு ஐநூறு குறைத்திருக்கலாம் என்று காந்தா பிறகு சொன்னாள்.

பதினோரு மாதத்துக்கு மேல் எழுதினால் பதிவு செய்ய வேண்டும். எனவே அடுத்த வாரம் பொன்னேரியில் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். செலவை இரண்டு பக்கத்தாரும் பாதிப் பாதி போட்டுக்கொண்டார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு ஆதிநாராயணன் தன் தம்பியை அழைத்துப் போனார். பெருமாள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "என் பேரு மொதல்லயா, அந்த இன்னொரு சாட்சி பேரு மொதல்லயா?" என்று கேட்டான். "போடுறா பேசாம," என்றார் அண்ணன்.

பெனிட்டாவும் ஜெரோமும் குடிவந்து இரண்டு மழை பார்த்தாயிற்று. பின்தெரு வாடகை ஆறரை என்பதைப் பெருமாள் இப்போது தானே எல்லோரிடமும் சொல்கிறான். ஐந்தாறு வருடமாக ஒரே ஆள் இருக்கிறார் என்பதைப் பெருமையாகச் சேர்த்தும் சொல்கிறான்.

மாடிக் கூரை ஒழுகுகிறது, அதனால்தான் பெரியவர் ஒன்பதிலிருந்து ஏழுக்கு இறங்கினார் என்று மீன் மார்க்கெட்டில் ஒரு பேச்சு நடமாடுகிறது. கூரை ஒழுகவில்லை. மூன்று வருடத்துக்கு எழுதிக்கொடுத்ததால் ஏழாயிரம்.