எப்போ வலிக்க ஆரம்பிச்சது

பெயிண்டருக்கு வலது தோள் போய்விட்டது. சுவரில் மேல் வரிசைக்கு ரோலரை உருட்டிக்கொண்டிருந்த கை, இப்போது தலை சீவச் சீப்பைத் தூக்கினாலே பாதி வழியில் நின்றுவிடுகிறது. இடது கையால் தாங்கினால் மேலே போகும். விட்டால் தொப்பென்று விழும். வலது கை எழும்பாத பெயிண்டருக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

அவன் மனைவி லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். மூன்று மாதமாக அவனை இழுத்துக்கொண்டு அலைகிறாள். முதல் டாக்டர் கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் தூளி மாட்டி, அசைக்காதே என்றார். பிசியோதெரபிஸ்ட் அம்மா அந்தத் தூளியைக் கழற்றி வைத்து, அசைக்காமல் விட்டால் தோள் இறுகிப்போகும் என்றார். ஆபரேஷன் செய்கிற டாக்டர் ஸ்கேனைப் பார்த்து, தசைநார் முழுசாகக் கிழிந்திருக்கிறது, தைத்துவிடலாம் என்றார். எலும்பு டாக்டரோ அதே ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இதெல்லாம் சகஜம், பயிற்சி செய்தாலே போதும் என்றார். நாலு பேரும் நல்லவர்கள்தான். நாலு பேரும் நாலு திசையில் இழுத்தால் ஒரு கை என்ன ஆகும்? அவளுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

இதில் அவளுக்கு இருந்த ஒரே துணை அவள் தம்பி. மாமாவோடு ஒரே மேஸ்திரியிடம் வேலை பார்க்கிறவன். எல்லா ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்தான், பை தூக்கினான், வரிசையில் நின்றான். தம்பி என்றால் இப்படி இருக்கணும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கடைசியில் ஒருநாள் பிசியோதெரபி அறையில் உடைந்து அழுதுவிட்டாள். யார் சொல்வதைத்தான் கேட்பது என்றாள். அந்த அம்மா ஈரத் துணியை அவன் தோளிலிருந்து எடுத்துவிட்டு, யார் சரி என்று கேட்காதீர்கள் என்றார். எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள், காத்திருந்தால் என்ன இழப்போம், எது தெரிந்தால் உங்கள் முடிவை மாற்றுவீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள் என்றார். தானும் பயிற்சியைக் கூட்டாமல், அவர்கள் பதிலுக்குக் காத்திருப்பதாகச் சொன்னார்.

முதலில் பயிற்சி போதும் என்ற எலும்பு டாக்டரிடம் போனார்கள். தம்பி வெளியே உட்கார்ந்துகொண்டான். அவள் மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி முதல் இரண்டு கேள்வியையும் கேட்டாள். அவர் பொறுமையாகவே சொன்னார். வலி கொஞ்சம் கொஞ்சமாக வந்தது என்று உங்கள் கணவரே சொன்னார். அப்படி நாள்பட்டுத் தேய்ந்த கிழிசலுக்குப் பயிற்சிதான் முதலில், காத்திருப்பதால் அவ்வளவு நஷ்டமில்லை என்றார்.

"சரிங்க டாக்டர். எது தெரிஞ்சா நீங்க உங்க முடிவ மாத்துவீங்க?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கீழ விழுந்து, அன்னைக்கே கை தூக்க முடியாம போயிருந்தா, நானும் ஆபரேஷன்னுதான் சொல்வேன். அதுவும் சீக்கிரமா. புதுசா கிழிஞ்ச நார் நாளாக ஆக உள்ள சுருங்கிப் போயிடும், தசையும் கரைஞ்சிடும். அப்புறம் தைக்கிறதே கஷ்டம்." அவர் பெயிண்டரைப் பார்த்தார். "விழுந்தீங்களா?"

பெயிண்டர் தரையைப் பார்த்தான். அவளுக்குப் பதில் அப்போதே தெரிந்துவிட்டது.

"ஏணியிலேர்ந்து விழுந்தேன்" என்றான். "அதுக்கு முன்னாடி ஒரு வலியும் இல்ல."

ஏன் மறைத்தீர்கள் என்று டாக்டர் கேட்கவில்லை. அவள் கேட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"ஏணியப் பிடிச்சிட்டு இருந்தவன் போன் வந்துச்சுன்னு விட்டுட்டான். மேஸ்திரிக்குத் தெரிஞ்சா அவன வேலைய விட்டு நிறுத்திடுவார். உன் தம்பியாச்சே."

டாக்டர் அங்கிருந்தே ஆபரேஷன் டாக்டருக்குப் போன் போட்டார். இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். இந்த வாரமே திரும்ப ஸ்கேன் எடுத்து, நார் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தைப்பது என்று முடிவாயிற்று. அதுவரை பாரம் தூக்கக் கூடாது, மெல்ல அசைத்துக்கொடுக்கலாம். பழைய பலம் வருமா என்று கேட்டதற்கு, மூன்று மாதம் போய்விட்டதே, வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். நேற்றுவரை நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னார்களே என்று அழுதவளுக்கு, இப்போது இருவரும் ஒன்றாகச் சொல்வதைக் கேட்கவும் பயமாக இருந்தது.

வெளியே தம்பி எழுந்து நின்றான். மாமாவின் பையை வாங்கக் கை நீட்டினான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கை அப்படியே நின்றது.

அவள் கத்தவில்லை. கத்துவதற்குத் தெம்பில்லை.

"எல்லா டாக்டர்கிட்டயும் கூடவே வந்தியேடா" என்றாள். "ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

பையை அவளே எடுத்துக்கொண்டாள்.