பத்து ஆண்டு மெத்தையின் எடை

பார்சல் அலுவலகத்தில் எடை போடும் பணியில் இருந்த அவள், அரைநாள் விடுப்பெடுத்துக் கணவனுடன் மெத்தைக் கடைக்கு வந்திருந்தாள். அறுவை சிகிச்சைக்குப் பின் அவனுடைய முதுகுக்குப் பள்ளம் விழாத மெத்தைதான் ஒத்துவரும் என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறியிருந்தார். கடைக்காரர் அவளுடைய பெரியப்பா மகன்.

"மாப்பிள்ளை, படுத்துப் பாருங்க. ஆனா தூங்கிடாதீங்க, வாடகை வாங்குவேன்!" என்று அண்ணன் சிரித்தார்.

அவள் துண்டுத்தாளில் கணக்கிட்டாள். நாற்பது அடர்த்தி ஃபோம் மெத்தை, பத்து ஆண்டு உத்தரவாதம், விலை இருபதாயிரம், ஆண்டுக்கு இரண்டாயிரம். முப்பத்திரண்டு அடர்த்தி, ஐந்து ஆண்டு, பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. ஆண்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. விலை கூடியதே மலிவு என்று தாள் தெளிவாகச் சொல்லிற்று.

பணத்தை எடுக்கப் பையைத் திறந்தவளுக்குத் தொழிற்பழக்கம் கையை உறுத்தியது. அலுவலகத்தில் எந்தப் பெட்டியையும் நீளம், அகலம், உயரம் அளக்காமல் அவள் விட்டதில்லை.

"அண்ணே, அடர்த்தின்னா ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோங்கிறதுதானே? இந்த ஒத்தை மெத்தை ஏறக்குறைய கால் கன மீட்டர். நாற்பதுன்னா பத்து கிலோ இருக்கணும்."

"இருக்கும்மா. எங்கிட்டயே பரீட்சையா?"

"உறையைக் கழட்டுங்க."

"கல்யாணத்துல சாம்பாரையும் எடை போட்டுத்தான் சாப்பிட்டா," என்றான் கணவன்.

அவள் தன் பையிலிருந்த தொங்கு தராசைக் கூரைக் கொக்கியில் மாட்டி, மெத்தையைக் கட்டிய கயிற்றை அதில் கோத்தாள். அண்ணன் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, கையை எடுத்தார். முள் ஆறு கிலோவில் நின்றது.

ஆறு என்றால் அடர்த்தி இருபத்து நான்கு. அது இரண்டு மூன்று ஆண்டுகளில் குழி விழும். பின்பு கணவனின் முதுகு என்னாகும் என்பதை அவளால் நினைக்கவும் முடியவில்லை.

"தராசு பழுதாயிருக்கும்," என்றார் அண்ணன், வறண்ட குரலில்.

அதே அளவிலான முப்பத்திரண்டு அடர்த்தி மெத்தையை மாட்டினார்கள். எட்டு. முப்பத்திரண்டில் கால் பங்கு, மிகச் சரியாக எட்டு. தராசில் பழுதில்லை.

அண்ணன் மெத்தையில் ஒட்டியிருந்த அடர்த்திச் சீட்டைத் தடவிப் பார்த்தார். "ஆலைக்காரன் சீட்டு ஒட்டி அனுப்புனான். நான் நம்பிட்டேன்மா. உத்தரவாத அட்டையில என் கையெழுத்து இருக்கு. இருபத்தேழு வீட்டுக்குப் போட்டுக் குடுத்திருக்கேன்."

அவரைக் குற்றம் சொல்ல வாயெடுத்தவள், அவரும் ஏமாந்தவர்தான் என்று உணர்ந்து நிறுத்திக்கொண்டாள். உத்தரவாத அட்டையைப் படித்தாள். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் பள்ளம் விழுந்தால் மட்டுமே மாற்றம். ஃபோம் தளர்வது உத்தரவாதத்தில் சேராது. பத்து ஆண்டு என்னும் எண்ணால் தான் எதை வகுத்தோம் என்று திகைத்தாள். மூன்று ஆண்டால் வகுத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறாயிரத்து எழுநூறு!

"ஐந்து வருஷத்து மெத்தையையே கட்டுங்கண்ணே," என்றாள்.

அவர் கட்டவில்லை. விற்பனைப் பதிவேட்டைத் திறந்து, முதல் வரியில் இருந்த எண்ணைத் தொலைபேசியில் அழுத்தினார்.

"வணக்கங்க, மெத்தைக் கடையில இருந்து பேசுறேன். உங்க மெத்தை உள்ளே இறங்கியிருக்கா? இல்லையா? சரிங்க... இருந்தாலும், நாளைக்கு வந்து எடை போட்டுப் பார்க்கணும்."