வலக்கதவு, இடக்கதவு

கடிகாரக்காரர் வீட்டு வாசல் கதவுக்குப் பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. உள்ளே இருப்பவர் வெளியே நிற்பவரை முறை சொல்லிக் கூப்பிட்டால் அது தானாகத் திறந்துகொள்ளும். இல்லாவிட்டால் நாலு ஆள் சேர்ந்து முட்டினாலும் அசையாது. அதனால் அந்த வீட்டில் எந்நேரமும் ஒருவராவது இருப்பார்கள். இரட்டைக் கதவு அது. அண்ணன், அக்கா, பெரியப்பா, பெரியம்மா என்று மூத்தவர்க்குரிய முறை சொன்னால் வலக்கதவு திறக்கும். தம்பி, தங்கச்சி, சித்தப்பா, சித்தி என்றால் இடக்கதவு. சொல்பவர் மனசாரச் சொல்ல வேண்டும், கேட்பவர் மனசார ஏற்க வேண்டும். கதவு கேட்டது அவ்வளவுதான். சொந்தமாக இருக்க வேண்டும் என்றுகூட அது கேட்கவில்லை. அண்ணே என்று கூப்பிட்டால் கடிதம் கொண்டுவருபவர் வலது பக்கமாகவும், தம்பி என்று கூப்பிட்டால் தண்ணீர் கேன் போடுபவர் இடது பக்கமாகவும் வந்துபோனார்கள். வரி வசூலிக்க வந்த அதிகாரியைக் கடிகாரக்காரரின் மகள் தாத்தா என்று கூப்பிட்டபோது மட்டும் அவர் கால் மணி நேரம் வெயிலில் நின்றார். கடைசியில் தலையைத் தடவிப் பார்த்து, சரி, இருக்கட்டும் என்று பெருமூச்சு விட்ட பிறகே கதவு திறந்தது.

தெருவின் எதிர்வாடையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் இதையெல்லாம் ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கடிகாரக்காரருடன் பிறந்தவர். ஒரே வயிறு, ஒரே நாள், ஒரே நிமிஷம். அந்த வீட்டுக்குள் நுழைய முடியாத ஒரே ஆள் அந்த ஊரில் அவர்தான்.

இரட்டையரில் முதலில் வந்தது யார் என்று பிரசவம் பார்த்தவருக்கு நினைவில்லை. ஒருவரே இரண்டு தடவை வந்த மாதிரி இருந்தது என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். தாயிடம் கேட்டால், எனக்கு ரெண்டு பேருமே மூத்தவன்தான் என்பாள். அதையே சொல்லிச் சொல்லி அவள் கண்ணை மூடிவிட்டாள். சிறு வயதில் அதனால் ஒரு குறையும் வரவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் டேய் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒரு தட்டில் சாப்பிட்டார்கள், ஒரு சட்டையை மாற்றி மாற்றிப் போட்டார்கள்.

கடிகாரக்காரருக்குக் கல்யாணம் ஆனபோதுதான் வினை வந்தது. வந்த பெண்ணுக்குத் தெரிய வேண்டியிருந்தது. கணவனுக்கு இளையவர் என்றால் கொழுந்தன். தம்பி என்று கூப்பிடலாம், காலை வாருவதற்கும் கேலி பேசுவதற்கும் இடம் உண்டு, ராத்திரி லேட்டாக வந்தால் திட்டிக்கொண்டே சோறு போடலாம். மூத்தவர் என்றால் மூத்தார். அத்தான் என்று சொல்லி ஓர் அடி தள்ளி நிற்க வேண்டும், எதிரே உட்காரக் கூடாது. நடுவில் ஒரு முறை கிடையாது. அவள் கேட்டது ஒரு வார்த்தைதான். இருவரும் ஒரே குரலில், நான்தான் பெரியவன் என்றார்கள். முதலில் சிரித்தார்கள். சிரிப்பு நின்ற பிறகும் இருவரும் அதையே சொன்னார்கள். மூன்றாம் நாள் கண்ணாடிக்காரர் கண்ணாடி தேய்க்கும் தன் சாணைக் கல்லைத் தூக்கிக்கொண்டு எதிர்வாடைக்குப் போனார். மறுநாள் திரும்பி வந்து வாசலில் நின்றபோது பழைய டேய் இப்போது மனசார வரவில்லை, முறை சொல்லிக் கூப்பிட உள்ளே யாருக்கும் சொல் இல்லை. கதவு திறக்கவில்லை.

சகோதரா என்று ஒருநாள் கடிகாரக்காரர் உள்ளிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். அது மேடைப் பேச்சுக்கு ஆகும், வீட்டுக்குள் அழைக்க ஆகாது என்று கதவுக்குத் தெரிந்திருந்தது.

மகள் பிறந்தாள். கண்ணாடிக்காரர் அவளை ஜன்னல் கம்பி வழியாகத்தான் முதன்முதலில் பார்த்தார். கடிகாரக்காரர் மனைவிக்குக் கூடப்பிறந்த ஆண்கள் இரண்டு பேர், ஒருவர் அவளுக்கு மூத்தவர், ஒருவர் இளையவர். மகள் இருவரையும் மாமா என்றாள். இருவருக்கும் வலக்கதவே திறந்தது. அம்மாவோடு பிறந்த ஆணுக்கும் அப்பாவோடு பிறந்த பெண்ணுக்கும் வயதைக் கேட்பதில்லை. மாமா, அத்தை என்றால் போதும். அப்பாவோடு பிறந்த ஆண் அப்படி இல்லை. அவரும் ஓர் அப்பா. அதனால் பெரிய அப்பாவா, சின்ன அப்பாவா என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அம்மாவின் அக்கா தங்கைகளும் அப்படியே. மனைவியின் அக்கா ஒருத்தி, தன்னைப் பெரியம்மா என்றால் கிழவி ஆகிவிட்டது போல இருக்கிறது என்று சித்தி என்று சொல்லச் சொன்னாள். குழந்தையும் சொன்னது. ஆனால் குழந்தைக்கு உண்மை தெரியும், ஆகவே கதவு திறக்கவில்லை. கை நிறையப் பையோடு தெருவில் நின்ற அவள், ஊர் கேட்க, தங்கச்சியைவிட நான் மூணு வயசு பெரியவதான் என்று ஒப்புக்கொண்டு பெரியம்மாவாக உள்ளே போனாள். எதிரே கண்ணாடிக்காரர் சிரித்தார். பிறகு அன்று முழுவதும் வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆறு வயதில் மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மாமாக்களுக்குத்தான் வயது வேண்டாமே என்று எதிர்வீட்டைப் பார்த்து, மாமா, உள்ள வாங்க என்றாள். கதவு அசையவில்லை. அம்மா அவளை இழுத்து மடியில் உட்கார்த்தி, சிரிப்பும் கோபமுமாகச் சொன்னாள்.

“அவர் மாமா இல்லடி. அவருக்கு நாளைக்குக் கல்யாணமாகிப் பிள்ளைங்க பொறந்தா, அதுங்க உனக்குத் தம்பி, தங்கச்சி. கூடப்பொறந்த மாதிரி. மாமா பிள்ளைங்கன்னா அத்தான், மச்சின்னு வேற கணக்கு, கல்யாணப் பேச்சே வரலாம். ஒரு சொல்லை மாத்துனா ஒரு வீட்டையே மாத்துன மாதிரி.”

அப்ப அவரு யாரு என்று மகள் கேட்டாள். அப்பா உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, சித்தப்பா, வேற யாரு என்று முணுமுணுத்தார். மகள் அதை நம்பினாள்.

இப்படி இருந்தும் இரு வீட்டுக்கும் நடுவே அன்பு நிற்கவில்லை. கடிகாரக்காரருக்கு வருஷா வருஷம் பார்வை மங்கியது. வருஷா வருஷம் ஒரு புதுக் கண்ணாடி ஜன்னல் விளிம்பில் இருந்தது. கண்ணைச் சோதிக்காமலே அளவு சரியாக இருந்தது. கண்ணாடிக்காரர் தன் கண்ணைச் சோதித்துச் செய்வார். அதேபோல் அவர் கடைச் சுவர்க் கடிகாரம் நிற்கப்போகும் நாளுக்கு முந்தின நாளே யாரோ வந்து எண்ணெய் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இந்தச் சிறு உதவிகளை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. கடவுள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றே நம்ப வேண்டும்.

மகளுக்கு எட்டு வயதான வருஷம், ஒரு நண்பகலில், பழுது பார்க்க வந்திருந்த ஆளுயர நிலைக்கடிகாரம் கடிகாரக்காரர் மேல் சாய்ந்தது. மனைவி கடைக்குப் போயிருந்தாள். தெருவில் ஈ காக்கை இல்லை. மகள் ஜன்னலுக்கு ஓடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். கண்ணாடிக்காரர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். கம்பி வழியாக அவர் பார்த்தது பெரிய மரப்பெட்டியும், அதன் அடியில் தன் கை போலவே இருந்த ஒரு கையும். கண்ணாடிச் சில்லு தைத்து அதிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

சித்தப்பா என்று மகள் கூப்பிட்டாள். மனசாரத்தான் கூப்பிட்டாள். கதவு திறக்கவில்லை.

பெரியப்பா என்றாள். அது பயத்தில் சொன்னது, கதவு திறக்கவில்லை. மறுபடியும் சித்தப்பா, சித்தப்பா என்று அழுதாள். கண்ணாடிக்காரர் தோளால் இடித்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. குழந்தை சரியாகத்தான் சொல்கிறாள். கேட்கிற இடத்தில் அடைத்துக்கொண்டு நிற்பது மரக்கதவு இல்லை. உடன்பிறந்தவன் உள்ளே செத்துக்கொண்டிருக்கும்போதும், நான் சின்னவனா என்று தன் மனசின் ஒரு மூலை கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷமாக அந்த மூலைக்குத்தான் அவர் சோறு போட்டு வளர்த்திருக்கிறார். அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. படியில் மண்டியிட்டு, கடவுளே, என்னைச் சின்னவனாக்கு என்று வேண்டினார். பிறகு ஜன்னலைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

“இன்னொரு தடவை சொல்லும்மா. நான் உன் சித்தப்பாதான். உங்கப்பாவுக்குத் தம்பி.”

அவள் சொல்ல வாயெடுத்த அதே நேரத்தில் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. பிறந்ததிலிருந்து அவரை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டிராத குரல்.

“அண்ணே. உள்ள வாண்ணே.”

இரண்டு சொல்லையுமே கண்ணாடிக்காரர் மனசார ஏற்றுக்கொண்டார். சித்தப்பா என்ற சொல்லுக்கு இடக்கதவும், அண்ணே என்ற சொல்லுக்கு வலக்கதவும் ஒன்றாகத் திறந்தன. இரண்டு கதவும் சேர்ந்து திறந்தது அதுவே முதல் தடவை. கண்ணாடிக்காரர் ஓடிப்போய்ப் பெட்டியை நிமிர்த்தினார். வழி அகலமாக இருந்ததால், சற்று நேரத்தில் சத்தம் கேட்டு வந்தவர்கள் ஆளைக் கட்டிலோடு தூக்கி வெளியே கொண்டுபோக முடிந்தது. ஒரு கதவு மட்டும் திறந்திருந்தால் கட்டில் நுழைந்திருக்காது என்று வைத்தியர் பின்னால் அளந்து பார்த்துச் சொன்னார்.

கடிகாரக்காரர் பிழைத்தார். ஒரு கால் கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான். பிழைத்து எழுந்தவரிடம், யார் பெரியவர் என்று அக்கம்பக்கத்தார் இனி தெரிந்துகொள்ளலாம் என்று வந்தார்கள். கடிகாரக்காரர் எதிரே இருந்தவரைக் காட்டி, இவர்தான் என் அண்ணன் என்றார். கண்ணாடிக்காரர், சும்மா இருங்கண்ணே, நான்தான் தம்பி என்றார். இருவரும் மனசாரச் சொன்னார்கள். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் இரண்டு இளையவர்கள் உண்டு, மூத்தவர் கிடையாது. அப்பா அண்ணன் என்று கூப்பிடுபவர் தனக்குப் பெரியப்பா என்று மகள் முறையை மாற்றிக்கொண்டாள். இவ்வளவு பெரிய மரியாதையை மறுக்கக் கண்ணாடிக்காரருக்கு மனம் வரவில்லை. மனைவி அத்தான் என்று அழைத்து எழுந்து நின்றாள், அவர் அண்ணி என்று சொல்லித் தானும் எழுந்து நின்றார். யாராவது உட்கார்ந்தால்தானே சாப்பிட முடியும் என்று மகள்தான் இருவரையும் உட்கார வைத்தாள்.

கண்ணாடிக்காரருக்கும் பிறகு கல்யாணம் ஆனது, இரண்டு பையன்கள் பிறந்தார்கள். அவர்கள் அப்பாவின் அண்ணனாகிய கடிகாரக்காரரைப் பெரியப்பா என்றார்கள். ஆக அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒருவருக்கும் சித்தப்பா இல்லை. மகள் மட்டும் அவர்களுக்குச் சந்தேகமில்லாமல் அக்கா. யார் முதலில் பிறந்தார் என்பதை அவள் தேதி நேரத்தோடு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். குடும்பக் கணக்கெடுக்க வந்தவர் மூத்தவர் பெயர் கேட்டபோது இருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். அவர் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் இருவரும் என்று எழுதி, அடுத்த கேள்விக்குப் போனார்.

கண்ணாடிக்காரர் தினமும் மாலையில் கடையைச் சாத்திவிட்டுத் தெருவைக் கடந்து வருவார். படியேறும் முன் ஒரு கணம் நின்று, தன்னைச் சின்னவனாக்கியதற்குக் கண்ணை மூடி நன்றி சொல்வார். உள்ளேயிருந்து யாராவது கூப்பிடுவார்கள். எந்த முறை சொல்லிக் கூப்பிட்டாலும் அவருக்கு இரண்டு கதவும் திறக்கும். மழைக்காலத்தில் சாரல் கூடம்வரை அடிக்கிறது என்று கடிகாரக்காரர் மனைவி அங்கே ஒரு சாக்கு விரித்து வைத்திருக்கிறாள்.